அப்பத்தாவுக்கு வந்த முதல் வீடியோ கால்: இந்த சிறுகதைய எழுதுறவங்க கேக்குற கேள்விகள்

எங்க ஊர் நூலகத்துல நடக்குற கதை வாசிப்பு கூட்டத்துக்கு வர்ற கைப்பிரதிகள்ல இந்த கதை திரும்பத் திரும்ப வருது. ஊர்ல ஒரு பாட்டி, அவங்க கைக்கு முதல் ஸ்மார்ட்போன், வெளிநாட்டுல இருக்க பேரன்கிட்ட இருந்து வீடியோ கால். எழுதுற ஆள் மாறினாலும் சந்தேகம் மாறல, அதனால கேட்டவங்க கேட்டபடியே இங்க தொகுத்து வச்சிருக்கேன். வரிசையா படிங்க, பின்னாடி வர்ற பதில்லாம் முன்னாடி சொன்னத நம்பித்தான் நிக்குது.

வெளிநாடுன்னு மட்டும் போட்டா போதாதா, எந்த நாடுன்னு சொல்லணுமா?

சொல்லணும். நாடு எதுன்னு முடிவாகாம அவன் எப்ப கூப்பிடுவான், எதுல கூப்பிடுவான், எங்க உக்காந்து கூப்பிடுவான்னு எதுவுமே முடிவாகாது. டொரன்டோன்னா அங்க கோடையில ஒன்பதரை மணி நேரம், குளிர்காலத்துல பத்தரை மணி நேரம் வித்தியாசம், அதாவது பாட்டி காலையில வாசல் தெளிக்கிற நேரம் அவனுக்கு முந்தின நாள் ராத்திரி. சிங்கப்பூர்னா அவன் ரெண்டரை மணி நேரம் நமக்கு முன்னாடி இருக்கான். அபுதாபின்னா ஒன்றரை மணி நேரம் நமக்கு பின்னாடி.

இந்த பக்கம் முழுக்க ஒரே கதைய வச்சு சொல்றேன், அப்பத்தான் பதில் அந்தரத்துல தொங்காது. சிவகங்கை பக்கம் ஒரு கிராமம், அப்பத்தாவுக்கு எழுபத்தஞ்சு தாண்டியாச்சு. பேரன் அபுதாபிய ஒட்டின முஸஃபாவுல ஏசி மெக்கானிக், கம்பெனி கேம்ப்ல தங்கியிருக்கான். வருஷம் 2019. அவன் குளிக்க வரிசையில நின்னு, சமைச்சு சாப்ட்டு போன எடுக்கறப்போ அங்க எட்டு மணி, ஊர்ல ஒன்பதரை. ஏழரைக்கே படுத்துடுற கிழவி அன்னைக்கு ஒன்பதரை வரைக்கும் முழிச்சிருக்கான்னா அதுலயே பாதி கதை இருக்கு, நீங்க தனியா பாசம்னு ஒரு வரி எழுத வேண்டியதில்ல.

வருஷமும் சொல்லியே ஆகணுமா?

கதையில எழுத வேணாம், ஆனா உங்களுக்கு தெரிஞ்சிருக்கணும். வாட்ஸ்அப்ல வீடியோ கால் வந்ததே 2016 நவம்பர்ல. அதே வருஷம் செப்டம்பர்லதான் ஜியோ ஆரம்பிச்சு டேட்டாவ இலவசமா கொடுத்தாங்க, கிராமத்துல ஸ்மார்ட்போன் பரவுனதுக்கு அது பெரிய காரணம். ஒருத்தர் 2012ல நடக்குற கதையில பாட்டி வயக்காட்டுல நின்னு வாட்ஸ்அப் வீடியோ கால் பேசுற மாதிரி எழுதியிருந்தார். அந்த வருஷம்னா பக்கத்து டவுன் பிரவுசிங் சென்டர்ல ஸ்கைப்தான், பாட்டிய பஸ் ஏத்தி கூட்டிட்டு போகணும், அது வேற கதை ஆயிடும் (நல்ல கதையும்கூட, யாராவது எழுதுங்க).

இன்னொரு விஷயம், அமீரகத்துல 2022 ஜனவரிக்கு முன்னாடி வார லீவு வெள்ளி, சனி. அதுக்கப்புறம் அரசு அலுவலகங்களுக்கு சனி, ஞாயிறுன்னு மாத்தி வெள்ளிக்கிழமைய அரை நாள் ஆக்கிட்டாங்க. நம்ம கதை 2019ங்கறதால பேரன் சாவகாசமா பேசுற நாள் வெள்ளிக்கிழமையா இருக்கறது பொருத்தம். ஊர்ல அது விளக்கேத்தி கோயிலுக்கு போற நாள், ரெண்டும் ஒரே நாள்ல வந்து விழுந்தா கதைக்கு நல்லதுதானே.

அபுதாபில இருந்து வாட்ஸ்அப்ல கூப்ட்டான்னு எழுதிட்டேன், அங்க அது வராதுன்னு ஒருத்தர் சொல்றார், நெசமா?

நெசம்தான். அமீரகத்துல வாட்ஸ்அப்ல மெசேஜ் போகும், போட்டோ போகும், வாய்ஸ் மெசேஜ் போகும், ஆனா வாய்ஸ் கால் வீடியோ கால் ரெண்டுக்கும் தடை. கூப்பிட்டா இணையாது. அங்க இருக்கவங்க அனுமதி வாங்கின ஆப்லதான் கூப்பிடணும், நம்ம ஆளுங்க மத்தியில ரொம்ப புழங்குனது போட்டிம். அதுவும் 2018க்கு அப்புறம் மாசம் 50 திர்ஹாம் மாதிரி கட்டி தனியா இன்டர்நெட் காலிங் பேக் போடணும்னு இருந்துச்சு. ரெண்டு பக்கமும் அதே ஆப் இருக்கணும். சவூதியில 2017ல ஸ்கைப் மாதிரி இன்டர்நெட் கால் ஆப்கள் மேல இருந்த தடைய எடுத்தாங்க, நாட்டுக்கு நாடு விதி வேற, அதனால வளைகுடான்னு பொதுவா எழுதுனா தப்பாயிடும்.

பல பேர் இத ஒரு தொல்லையா பாத்து கதைய லண்டனுக்கு மாத்திடறாங்க. மாத்தாதீங்க. போன் வந்து போட்டிம் ஏத்துற வரைக்கும் அப்பத்தாவுக்கு அந்த போன்ல கிடைக்கிறது வாட்ஸ்அப்ல அவன் அனுப்புற வாய்ஸ் மெசேஜ் மட்டும்தான். அத திரும்பத் திரும்ப போட்டு கேக்கலாம், ஆனா பதில் கேள்வி கேட்டா அந்த குரல் நிக்காது, அது பாட்டுக்கு பேசி முடிச்சிடும். இத நாலு நாள் அனுபவிச்சவளுக்கு முதல் வீடியோ கால் வர்றப்போ, நாம பேசினா அவன் நிறுத்தி கேக்குறான்ங்கறதே பெரிய விஷயமா இருக்கும்.

போன் எப்படி அவங்க கைக்கு வரும்? கூரியர்ல வந்துச்சுன்னு எழுதலாமா?

எழுதலாம், ஆனா கேம்ப்ல இருக்கவன் அப்படி அனுப்ப மாட்டான். லீவுக்கு ஊருக்கு வர்ற ஆள்கிட்ட கொடுத்து விடுவான், கூடவே தைலம், சோப்பு, பால் பவுடர், ஒரு டார்ச் லைட். அந்த ஆள் மதுரையில இறங்கி, தன் வீட்டுல ரெண்டு நாள் இருந்துட்டு, பைக்க எடுத்துட்டு இந்த ஊருக்கு வந்து கொடுப்பான். அவன விட்டுடாதீங்க, லீவு முடிஞ்சு அவன் திரும்பிப் போறப்போ நமக்கு அவன் வேணும், கடைசியில சொல்றேன்.

அப்புறம் சார்ஜர். அமீரகத்து பிளக் மூணு தட்டையான கால் வச்சது, பிரிட்டிஷ் மாடல். நம்ம சுவத்துல இருக்கறது உருண்ட ஓட்டை. சொருகவே முடியாது. அதாவது போன் வந்த அன்னைக்கு அது உயிரோட இருக்கும், மறுநாள் செத்துடும், காளையார்கோவில் போய் யாராவது ஒரு சார்ஜரோ அடாப்டரோ வாங்கிட்டு வர்ற வரைக்கும் பெட்டியிலயே கிடக்கும். எந்த கைப்பிரதியிலயும் நான் இத பாக்கல, ஆனா வளைகுடாவுல ஆள் இருக்க வீட்டுக்காரங்க யார்கிட்ட வேணும்னாலும் கேட்டுப் பாருங்க.

பாட்டிக்கு ஒண்ணும் தெரியாம முழிக்கிறத வச்சு நாலு சிரிப்பு போடலாம்ல?

அந்த சிரிப்புலதான் பாதி கதை கெட்டுப் போகுது. போனுக்குள்ள பேரன் எப்படி நுழைஞ்சான்னு 2019ல எந்த கிழவியும் கேக்க மாட்டா. அவ வீட்டுல டிவி வந்து ரொம்ப காலம் ஆச்சு, பட்டன் போன்ல மிஸ்டு கால் கொடுக்கத் தெரியும், எந்த மூலையில நின்னா டவர் கிடைக்கும்னு உங்களவிட அவளுக்கு தெரியும். படிக்கத் தெரியலன்னா பேர பாத்து இல்ல, போட்டோவ பாத்து ஆள கண்டுபிடிப்பா, அதனால போன அமைச்சுக் கொடுக்குற ஆள் பேரன் நம்பருக்கு அவன் முகத்த வச்சு முதல் திரையிலயே போட்டுக் கொடுத்திருப்பான்.

தடுமாற்றம் வேற இடத்துல வரும், அது உண்மையான தடுமாற்றம். தொடுதிரை தன் மேல இருக்க மின்புலத்த நம்ம விரல் மாத்தறத வச்சுத்தான் தொட்டத உணருது, அழுத்தத்த வச்சு இல்ல. அறுபது வருஷம் களையெடுத்து காய்ச்சுப்போன, ஈரமே இல்லாத விரல் நுனிய அது சில சமயம் உணரவே உணராது. உடனே அவ பட்டன் போன் பழக்கத்துல இன்னும் அழுத்தி புடிப்பா, அழுத்தி புடிச்சா போன் அத வேற கட்டளையா எடுத்துக்கும், இல்ல ஒண்ணுமே நடக்காது. பல போன்ல கால் வர்றப்போ பச்சை வட்டத்த தொட்டா பத்தாது, இழுக்கணும், அந்த இழுப்புல விரல் நடுவுல விட்டுப்போச்சுன்னா மறுபடி முதல்ல இருந்து. ரெண்டு கால் இப்படியே அடிச்சு ஓஞ்சு போகலாம். அப்புறம் அவ நோட்டு எண்ற மாதிரி விரல நாக்குல தொட்டுட்டு இழுக்கறா, எடுத்துடுது. லேசா ஈரம் இருந்தா திரை உணரும், அதுக்கு பேர் அவளுக்கு தெரியாட்டியும் வழி தெரிஞ்சு போச்சு.

போன காதுல வச்சுக்குவாங்கன்னு எல்லாரும் எழுதுறாங்க, நான் விட்டுடலாமா?

வேணாம், அது நடக்கறதுதான். ஆனா எல்லாரும் இந்தப் பக்கம் நின்னு சிரிக்கிறாங்க, அவன் பக்கம் என்ன தெரியுதுன்னு யாரும் யோசிக்கல. காதோட ஒட்டி வச்சா அவனுக்கு இருட்டு. கொஞ்சம் விலகினா காது, திரை முழுக்க காது.

அந்த காது எந்த காதுன்னு யோசிங்க. சிவகங்கை, மதுரை, ராமநாதபுரம் பக்கம் அந்த வயசு பொம்பளைங்க பல பேர் தண்டட்டி போட காது வளர்த்தவங்க. அவன விமானம் ஏத்த ஏஜென்டுக்கு கட்டின பணம் எங்க இருந்து வந்துச்சுன்னா, அந்த தண்டட்டிய வித்துத்தான். இப்ப தோள் வரைக்கும் தொங்குற வெறும் காது அவன் கையகலத் திரையில நிறைஞ்சு நிக்குது. ஊர்ல இருந்தப்போ அவ்வளவு கிட்டத்துல அவன் அத பாத்திருக்கவே மாட்டான். இத எழுதுறப்போ தண்டட்டி வித்த விஷயத்த அந்த இடத்துல சொல்லாதீங்க, ரெண்டு பக்கம் முன்னாடியே ஏஜென்ட் பேச்சு வர்றப்போ போற போக்குல ஒரு வரியா போட்டுடுங்க. கால் வர்றப்போ காது மட்டும் போதும்.

ரெண்டு பேரும் கண்ணோட கண் பாத்துக்கிட்டாங்கன்னு எழுதினேன், ஏன் அடிச்சுட்டீங்க?

ஏன்னா அது முடியாது. கேமரா திரைக்கு மேல இருக்கு, முகம் திரையில இருக்கு. அவ அவன் முகத்த பாத்தா அவனுக்கு அவ குனிஞ்சு கீழ பாக்குற மாதிரி தெரியும். கேமராவ பாத்தா அவனுக்கு நேரா பாக்குற மாதிரி இருக்கும், ஆனா அவளுக்கு அவன் முகம் தெரியாது. அவ முகத்த விட்டு கண்ண எடுக்க மாட்டா, அதனால அந்த கால் முழுக்க அவன் பாக்குறது இமை தாழ்ந்த ஒரு முகம். ‘என்னைய பாரு அப்பத்தா’ன்னு அவன் சொல்வான், ‘ஒன்னயத்தானய்யா பாக்கறேன்’னு அவ சொல்வா. ரெண்டு பேர் சொல்றதும் உண்மை.

வெளிச்சமும் அப்படித்தான். அவ நடுவீட்டுல உக்காந்து பின்னாடி ட்யூப்லைட் எரிஞ்சா முகம் கறுத்துப் போகும், லைட்டுக்கு எதிர்ல திரும்பினா தெளிஞ்சுடும். மூலையில சின்ன கட்டத்துல தன் முகமும் தெரியுதுங்கறத அவ கவனிச்ச நிமிஷம் முந்தானைய இழுத்து விடுவா.

டவர் கட்டாகுறத எங்க வச்சா நல்லா இருக்கும்?

முக்கியமான வார்த்தைய சொல்ல வாய் திறக்கறப்போ கட்டாகுதுன்னு மட்டும் வைக்காதீங்க, அது எழுதுறவர் செய்ற வேலைன்னு வாசகருக்கு தெரிஞ்சுடும். நிஜத்துல திடுக்குனு அறுந்து போறத விட தேயுறதுதான் அதிகம். முதல்ல படம் சதுரம் சதுரமா உடையும், அப்புறம் உறையும், பல நேரம் படம் உறைஞ்ச பின்னாடியும் குரல் வந்துட்டு இருக்கும். வாய் மூடியிருக்க முகத்துல இருந்து பேச்சு வர்றத அப்பத்தா பாத்துக்கிட்டே கேப்பா.

அதவிட முக்கியம் தாமதம். இங்க பேசினது அங்க போய் சேர கொஞ்சம் நேரம் ஆகுது, அதனால ரெண்டு பேரும் ஒரே நேரத்துல ஆரம்பிப்பாங்க, ரெண்டு பேரும் நிறுத்துவாங்க, ரெண்டு பேரும் காத்திருப்பாங்க. வசனத்துல அந்த இடைவெளிய வச்சு எழுதினாலே அது வீடியோ கால்னு தெரிஞ்சுடும், நெட்வொர்க்ங்கற வார்த்தையே தேவைப்படாது.

பக்கத்து வீட்டு பொண்ணு வந்து போன் எடுத்துக் கொடுக்கணுமா? அந்த ஆள் இல்லாம முடியாதா?

முதல் கால்ல கண்டிப்பா ஒருத்தர் கூட இருப்பாங்க, போட்டிம்ல பதிவு பண்ண ஓடிபி படிச்சு போடவாவது ஆள் வேணும். அந்த ஆள் இருக்கறதால என்ன ஆகுதுன்னா அப்பத்தா மனசுல இருக்கறத பேச மாட்டா. மருமக குத்தம் சொல்ல முடியாது, வட்டிக்காரன் வந்துட்டு போனத சொல்ல முடியாது. அந்த பொண்ண அடுப்ப பாத்துட்டு வர அனுப்பிட்டு அவ குரல தாழ்த்துற இடம் ஒண்ணு வைங்க.

‘சாப்ட்டியா’ ‘நல்லா இருக்கியா’ தாண்டி வசனமே வரல, என்ன பண்றது?

அதுவே இருக்கட்டும், ஆனா பதில்ல ஏதாவது ஒளிஞ்சிருக்கணும். இப்படி:

‘சாப்ட்டியாய்யா?’
‘ஆச்சு அப்பத்தா.’
‘என்ன கொழம்பு?’
‘…கோழி.’
‘வெள்ளிக்கெழமையா?’

ஒரு சொல்லும் அழகா இல்ல, ஆனா வெள்ளிக்கிழமை கவுச்சி தொடாத வீட்டுல இருந்து போனவன் கேம்ப்ல கூட்டுச் சமையல்ல என்ன இருக்கோ அத சாப்பிடறான்னு அவளுக்கு புரிஞ்சு போச்சு. அவ மேல கேக்கல. அவன நீங்கன்னு பேச விட்டுடாதீங்க, அந்த பக்கம் அப்பத்தாவ நீன்னுதான் கூப்பிடுவாங்க, வாங்க போங்க போட்டா விருந்தாளி மாதிரி ஆயிடும்.

பேரன் பக்கத்தையும் மாத்தி மாத்தி காட்டணுமா?

காட்டாதீங்க. அப்பத்தா பக்கத்துலயே இருங்க. ஏன்னா இந்த கதையோட முடிச்சு அவளுக்கு தெரியுற அந்த கையகல சதுரத்துலதான் இருக்கு. இத்தன வருஷமா குரல் மட்டும் கேட்டவகிட்ட அவன் ‘தனி ரூம் அப்பத்தா, ஏசி ரூம்’னு சொல்லி வச்சிருக்கான். ஏசி உண்மை. தனி ரூம் பொய். கேம்ப் ரூம்ல இரும்பு டபுள் கட்டில் வரிசையா கிடக்கும், மேல ஒருத்தன் கீழ ஒருத்தன், கட்டில் கம்பியில துணி காயும், சில பேர் கீழ் கட்டில சுத்தி பெட்ஷீட்ட திரையா கட்டியிருப்பாங்க. அதனால அவன் முகத்துக்கு ரொம்ப கிட்டத்துல போன புடிச்சு, பின்னாடி சுவரு மட்டும் தெரியுற மாதிரி உக்காந்திருக்கான்.

அவ எப்படி கண்டுபிடிக்கறாங்கறத ஒண்ணு ஒண்ணா போடுங்க, ஒரே இடத்துல கொட்டாதீங்க. முதல்ல வேற வேற பாஷையில பேச்சு சத்தம், டிவியா இருக்கும்னு விட்டுடறா. அப்புறம் அவன் சிரிச்சு பின்னாடி சாயறப்போ தலைக்கு மேல ஒரு கம்பி. வீட்டுக்கூரையில இல்லாத உயரத்துல கம்பி. அப்புறம் படம் உறையுது, மேல மூணு பதில் முன்னாடி சொன்னேனே அந்த உறைச்சல், அதுல மேல இருந்து தொங்குற ஒரு கால் பாதம் அப்படியே நிக்குது. அவன் பேசிட்டே இருக்கான், அவ அந்த பாதத்தையே பாக்கறா. டவர் பிரச்சனைய வைக்க இதவிட நல்ல இடம் எனக்கு தெரியல, அது கதைய நிறுத்தல, நகத்துது.

சரி, கண்டுபிடிச்சுட்டா. அழுகையில முடிக்காம எப்படி முடிக்கிறது? பாட்டி இறந்துட்டதா வச்சுடலாமா?

சாவு வேணாம், அது வாசகர் கைய முறுக்கி கண்ணீர் வாங்கறது. அழுகையும் வேணாம், அவ அழுதா அவன் சமாதானம் சொல்வான், பொய்ய ஒத்துக்குவான், ரெண்டு பேரும் பேசித் தீத்துடுவாங்க, அப்புறம் வாசகருக்கு வேலையே இல்ல.

போன் கொண்டு வந்த ஆள விடாதீங்கன்னு சொன்னேன்ல. அவன் லீவு முடிஞ்சு போறப்போ எடுத்துட்டு போக அவ அதிரசமோ முறுக்கோ சுடப்போறா, காலோட ஆரம்பத்துலயே அந்த பேச்சு வந்துடணும், ‘ஒனக்கு ரெண்டு வாரத்துக்கு வர்ற மாதிரி சுட்டுத் தாரேன்’னு. கடைசியில, கம்பியும் பாதமும் பாத்த பின்னாடி, சாதாரண குரல்ல கேக்கறா: ‘எத்தன பேருய்யா இருக்கீய அங்க?’ தாமதம். அவன் முகம் திரையில இருக்கு. ‘எட்டு பேரு அப்பத்தா.’ ‘அப்ப படி அரிசி பத்தாது.’ அவ்வளவுதான், அதோட நிறுத்திடுங்க. அவளுக்கு தெரிஞ்சு போச்சுன்னு அவனுக்கு தெரிஞ்சு போச்சு. அதுக்கப்புறம் ஒரு வரி எழுதினாலும் அது உங்களுக்காக எழுதின வரிதான்.

எவ்வளவு நீளம் வரலாம்?

அந்த வீடியோ கால் கதையில பாதிக்கு மேல இடம் எடுத்துக்கணும். போன் வர்றது, சார்ஜர், ஆப் ஏத்தறது எல்லாம் சேத்து மூணுல ஒரு பங்குக்கு மேல போனா ஆரம்பம் கனத்துப் போகும்.

எங்க சொந்த அப்பத்தா பேசினதையே எழுதறேன், அப்படியே போடலாமா?

அவங்களுக்கு படிச்சுக் காட்டுங்க முதல்ல. வட்டிக்காரன், மருமக மாதிரி விஷயம் ஊர்ல யாருன்னு தெரியுற மாதிரி இருந்தா ஊரையும் உறவையும் மாத்துங்க. பேரன் இன்னும் அங்க வேலையில இருந்தா கம்பெனி பேர், கேம்ப் அடையாளம் எதுவும் வேணாம், அவன் வேலைக்கு அது ஆபத்தாகலாம். வீடியோ கால ரெகார்ட் பண்ணி வச்சிருந்தாலும் அதுல இருக்க பேச்ச வரிக்கு வரி எறக்காதீங்க, கேட்டுட்டு மூடி வச்சுட்டு எழுதுங்க, மறக்காம நின்ன வாக்கியம் எதுவோ அது மட்டும் கதைக்குள்ள வரட்டும். அடுத்த கூட்டத்துக்கு ரெண்டு பிரதி எடுத்துட்டு வாங்க, ஒண்ணுல நான் பென்சில்ல குறிப்பு போட்டுத் தர்றேன்.